40 முறை ‘அவர்களுக்கு நன்றி’

எங்கள் நாடகக் குழுவில் நன்றியுரை என்பது யாரும் கேட்டு வாங்காத வேலை. திரை விழுந்து, நடிகர்கள் வணங்கி முடித்த பிறகு ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து எல்லோர் பெயரையும் சொல்ல வேண்டும். முதல் தடவை அது என் தலையில் விழுந்தபோது, எழுதி வைத்துப் படிப்பதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். 40 பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம். குறை சொல்ல முடியாத தமிழ். மேடைக்குப் போய்ப் படித்தேன்.

நாலாவது பெயர்வரை நன்றாகக் கை தட்டினார்கள். பத்தாவது பெயருக்குத் தட்டல் மெலிந்தது. இருபதைத் தாண்டியபோது பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம். கடைசியில் நான் பெயர் சொன்ன பையனுக்கு இரண்டே இரண்டு பேர் தட்டினார்கள். அதில் ஒருவர் அவன் அம்மா. இரண்டு வாரம் மாலை வேளைகளில் மேடைப்பொருள்களுக்கு வண்ணம் பூசியவன் அவன். நான் பேசாமலே இருந்திருந்தால் அவனுக்கு அந்தச் சங்கடம் இருந்திருக்காது.

நண்பர் ஒருவர் அதைக் கைபேசியில் பதிவு செய்திருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் கேட்கத் துணிவு வந்தது. ஆறரை நிமிடம். குரல் ஒன்றும் மோசமில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஏதோ தாலாட்டுப் போல இருந்தது. அடுத்த அறையில் அதை ஓடவிட்டுச் சொற்கள் புரியாத தூரத்தில் உட்கார்ந்து கேட்டேன். அப்போதுதான் கோளாறு பிடிபட்டது. ஒரே ராகம், 40 முறை. தொடக்கத்தில் கொஞ்சம் ஏற்றம், நடுவில் சமதளம், முடிவில் ஒரு சறுக்கு. எந்தப் பெயருக்கும் அதே அளவு, அதே மெட்டு.

குரலில் ஏற்ற இறக்கம் வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். அதையும் முயன்றேன். வீட்டில் அதே எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பெயரை உரக்கவும் ஒரு பெயரை மெல்லவும் சொல்லிப் பார்த்தேன். ஏலம் விடுபவர் போல இருந்தது. காரணமே இல்லாமல் ஏறும் குரல் தட்டையான குரலைவிட மோசம். பிறகுதான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். கோளாறு குரலில் இல்லை, வாக்கியத்தில் இருந்தது.

நான் எழுதியிருந்தது இப்படி. உண்மைப் பெயர்களுக்குப் பதிலாக, இலக்கண உரைகளில் காலங்காலமாக எடுத்துக்காட்டுக்கு வந்து நிற்கும் சாத்தனையும் கொற்றனையும் அவர்கள் கூட்டத்தாரையும் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

“ஒளியமைப்பைச் சிறப்பாகச் செய்துகொடுத்த சாத்தன் அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஒலியமைப்பைச் சிறப்பாகச் செய்துகொடுத்த கொற்றன் அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.”

இதில் பெயர் எங்கே இருக்கிறது பாருங்கள். முன்னால் ‘செய்துகொடுத்த’ என்று ஒரு பெயரெச்சம் வரை நீளும் பாரம். பின்னால் ‘அவர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி’ என்று ஒரு வால். இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தில் கிடக்கிறது பெயர். நம் மொழியில் வாக்கியம் வினையிலோ, வினைபோல நிற்கும் சொல்லிலோதான் முடியும். நன்றி சொல்லும் வாக்கியம் என்றால் நான்காம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும், ‘நன்றி’ கடைசியில் உட்காரும். ஆகவே ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ஓசையில் முடிகிறது: க்கு நன்றி, க்கு நன்றி. கூடவே மரியாதைக்கு ஓர் ‘அவர்கள்’. எப்பேர்ப்பட்ட குரலாக இருந்தாலும் இந்த வாலை 40 முறை ஆட்டினால் தாலாட்டுத்தான்.

கேட்பவர் பக்கமும் ஒன்று நடக்கிறது. ஒரே வால் மூன்று தடவை வந்துவிட்டால் காது அதைக் கணித்துவிடுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவுடன் கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. நடுவில் வரும் பெயரும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது.

அடுத்த நாடகத்திலும் நன்றியுரை என்னிடமே வந்தது. கிட்டத்தட்ட அதே ஆட்கள்தாம். இம்முறை பட்டியல் 41. அந்தக் கூடுதல் ஒருவர் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செய்தது, ‘நன்றி’ என்ற சொல்லைப் பெயர்களிடமிருந்து பிரித்தது. மொத்த உரையிலும் அந்தச் சொல் ஐந்து முறைதான் வரலாம் என்று எனக்கு நானே வரம்பு போட்டுக்கொண்டேன். அப்படியானால் மற்ற வாக்கியங்கள் எதைச் சொல்லும்? ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும். பெயர் நான்காம் வேற்றுமையிலிருந்து இறங்கி எழுவாயாக நிற்கும்.

“இரண்டாம் காட்சியில் நிலா மெதுவாக மறைந்ததே, அந்த விளக்கைச் சாத்தன் கையாலேயே இறக்கினார். அப்போது கேட்ட தவளைச் சத்தம் கொற்றனுடையது. வாயாலேயே செய்து பதிவுசெய்தார்.”

மூன்று வாக்கியமும் ஒரே மெட்டில் வராது. வரவைக்க முயன்றாலும் முடியாது. முதல் வாக்கியம் ‘மறைந்ததே’ என்று கொஞ்சம் ஏறி நின்று, பிறகு இறங்குகிறது. இரண்டாவது, பெயரில் முடிகிறது. மூன்றாவது குட்டி வாக்கியம். அங்கே அரங்கம் சிரித்தது. நான் குரலுக்கு ஒன்றும் செய்யவில்லை. வாக்கியம் மாறியதும் குரல் தானாக மாறியது.

இதில் ‘அவர்கள்’ என்ன ஆனது என்று கேட்கலாம். குழுவிலும் கேட்டார்கள். ‘இறக்கினார்’ என்பதில் இருக்கும் ‘ஆர்’ மரியாதையைச் சுமந்துகொள்கிறது. பெயரை எழுவாயாக்கினால் மரியாதை வினைக்குப் போய்விடும், பெயருக்குப் பின்னால் தனியாக ஒரு சொல் தேவையில்லை. ஆனால் சிறப்பு விருந்தினர்களிடம் இதைச் செய்யவில்லை. மூவருக்கும் முறையாக ‘அவர்கள்’ வைத்தேன். அங்கே அது மூன்றே முறை வருவதால் யாருக்கும் உறுத்தவில்லை.

இரண்டாவது வடிவம், பெயரைக் கடைசியில் வைப்பது. “மழைக் காட்சியில் அந்த உடைகள் நனையவே இல்லை, நனைந்ததுபோல் தெரிந்தன. அப்படித் தைத்தவர் நங்கை.” பெயரே பயனிலை. வினை இல்லை, வால் இல்லை. குரல் பெயரின்மேல் இறங்கி முடிகிறது, முடிந்த இடம் பெயராக இருப்பதால் கைதட்டலும் பெயருக்கு விழுகிறது. ‘சாத்தன் அவர்களுக்கு நன்றி’ என்று முடித்தால் மக்கள் ‘நன்றி’க்குத்தான் தட்டுகிறார்கள். கொஞ்சம் நுணுக்கமான வேறுபாடு என்று தோன்றும். மேடையில் நின்றால் தெரியும்.

ஆனால் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதில் நானும் முதல் வரைவில் விழுந்தேன். 41 பேருக்கும் 41 நிலா, 41 தவளை எழுதிவிட்டேன். ஒரு நாள் மாலை முழுக்கச் செலவழித்து, பெருமையோடு உரக்கப் படித்துப் பார்த்தால் பதினோரு நிமிடம். அதைவிட, எட்டாவது கதைக்கு மேல் அதுவும் பட்டியலாகிவிட்டது. ‘இவருக்கு என்ன கதை வரப்போகிறது’ என்று காது காத்திருக்கத் தொடங்கியதும் பழைய தாலாட்டே திரும்பி வந்தது, நீளமாக.

ஆகவே ஒரு குழுவுக்கு ஒரு செய்தி என்று குறைத்தேன். பட்டியலைக் குழுக்களாகப் பிரித்தால் இப்படி வந்தது: விருந்தினர் 3, நன்கொடையாளர் 9, அரங்க நிர்வாகம் 2, ஒளியும் ஒலியும் 4, மேடைப்பொருள் 5, உடையும் ஒப்பனையும் 4, நடிகர்கள் 11, எழுதியவரும் இயக்கியவரும் 2, அப்புறம் தனியாக ஒருவர். ஒன்பது குழுக்கள். ஒன்பது அட்டைகள்.

குழுவுக்கு ஒரு செய்தி என்றால் குழுவில் யாருடைய கதையைச் சொல்வது? ஐந்து பேரில் ஒருவரை எடுத்தால் மற்ற நால்வர் முகம் மாறும். இதற்கு நான் கண்ட வழி, ஆளை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிப்பது. அதுவும் பார்வையாளர்கள் அப்போதுதான் கண்ணால் பார்த்த பொருளாக இருக்க வேண்டும். மேடைப்பொருள் குழுவுக்கு நான் எழுதியது: “கட்டில் ஒடிந்து விழுந்ததைப் பார்த்தீர்கள். ஒத்திகையோடு சேர்த்து அது இதுவரை 14 முறை ஒடிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை மறுபடி நிற்கவைத்தவர்கள் ஐந்து பேர்.” பிறகு ஐந்து பெயர்கள், வெறுமனே. கட்டில் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அந்தக் கதை ஐவருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. ‘அயராது உழைத்த’, ‘இரவு பகல் பாராது’ போன்றவை எதுவும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் அடைமொழி யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அது நீளத்தை மட்டும் கூட்டுகிறது.

எப்படிச் செய்தாலும் வெறும் பெயர்களை அடுக்கித்தான் ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. எங்களுக்கு அது நன்கொடையாளர்கள். ஒன்பது பேர். யார் எவ்வளவு கொடுத்தார் என்று சொல்ல முடியாது. ஒருவரைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொன்னாலும் வம்பு. பெயர்களைத் தவிர ஒன்றும் இல்லை. நன்றியுரையில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்பேன், இங்கேதான் குரலுக்கு உண்மையில் வேலை இருக்கிறது.

பட்டியல் படிக்கும்போது நம் குரல் ஒவ்வொரு பெயரின் முடிவிலும் சற்று மேலே போய் நிற்கிறது. ‘இன்னும் இருக்கிறது’ என்பதற்கான குறிப்பு அது. கடைசிப் பெயரில்தான் இறங்கும். நாலு பெயர் என்றால் மூன்று ஏற்றம், ஓர் இறக்கம், கேட்க இனிமை. ஒன்பது பெயரை ஒரே மூச்சில் படித்தால் எட்டு ஏற்றம். கேட்பவர் எட்டு முறை காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரே மூச்சில் பேசும்போது குரலின் சுருதி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும், மூச்சு வாங்கினால்தான் மீண்டும் மேலே எழும். ஒன்பதாவது பெயர் வரும்போது காற்றும் இருக்காது, சுருதியும் இருக்காது. பாவம், பட்டியலின் கடைசியில் நிற்பவர்.

ஆகவே ஒன்பதை உடைத்தேன். மூன்று மூன்றாக உடைக்கலாம் என்று முதலில் தோன்றியது. படித்துப் பார்த்தால் அணிவகுப்பு நடை மாதிரி இருந்தது. சம அளவுத் துண்டுகள் இன்னொரு தாலாட்டு. நாலு, மூன்று, இரண்டு என்று உடைத்தபோது சரியாக வந்தது. துண்டு சிறிதாகச் சிறிதாகப் பட்டியல் முடியப்போகிறது என்பது கேட்பவருக்குச் சொல்லாமலே தெரிகிறது.

எங்கே உடைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு துண்டுக்குள் சின்னப் பெயர்கள் முதலிலும் நீளமான பெயர் கடைசியிலும் வந்தால் நாக்குக்கும் காதுக்கும் இதம். ஆனால் நன்கொடையாளர்கள் வரிசையை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. யார் முதலில் என்ற கேள்வி எழாமல் இருக்க அகரவரிசை என்று முன்பே முடிவாகியிருந்தது, அதை மேடையிலும் சொல்லிவிடுவோம். வரிசையில் கை வைக்க முடியாது, வெட்டும் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அப்படி வெட்டியபோது வந்தது இது:

“அகரவரிசையில் சொல்கிறேன், ஒன்பது பேர். அழான், ஆதன், கொற்றன், கொற்றி. / சாத்தன், சாத்தி, தேவதத்தன். / நம்பி, பூதன். / இந்த ஒன்பது பேரும் கதவைத் திறந்ததால்தான் நாங்கள் மேடை ஏறினோம். நன்றி.”

சாய்கோடு மூச்சு வாங்கும் இடம். நீளமான தேவதத்தன் ஒரு துண்டின் முடிவில் விழும்படி வெட்டியிருக்கிறேன். ‘கொற்றி’யில் குரல் முழுவதுமாக இறங்காமல் பாதி இறங்க வேண்டும். ‘தேவதத்தனி’லும் அப்படியே. ‘பூதனி’ல் முழுவதும் இறங்கலாம். ஒவ்வொரு சாய்கோட்டிலும் நிஜமாகவே மூச்சு வாங்கினால் அடுத்த பெயர் தானாகவே புதிய சுருதியில் பிறக்கிறது. வாங்குவதுபோல் நடித்தால் பிறக்காது.

தொடக்கத்தில் ‘ஒன்பது பேர்’ என்றும் முடிவில் ‘இந்த ஒன்பது பேரும்’ என்றும் எண்ணைச் சொல்வது ஏதோ என் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். குழுவில் தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். “இது நன்னூலிலேயே இருக்கிறதே” என்று சிரித்தார். ‘உம்’ போன்ற இடைச்சொல் எதுவும் இல்லாமல் பெயர்களை வெறுமனே அடுக்கினால் அதற்குச் செவ்வெண் என்று பெயர். செவ்வெண்ணாக அடுக்கினால் முடிவில் தொகை வர வேண்டும் என்பது விதி: சாத்தன், கொற்றன், பூதன் மூவரும் வந்தார். அந்த ‘மூவரும்’ இல்லாவிட்டால் அடுக்கு மூடாமல் திறந்தே கிடக்கும். ‘சாத்தனும் கொற்றனும் பூதனும் வந்தார்’ என்று உம் போட்டால் தொகை கட்டாயமில்லை. ஆனால் உம் போட்டு ஒன்பது பெயர் சொல்லிப் பாருங்கள்: னும், னும், றியும், னும். ஒரு வாலை வெட்டிவிட்டு இன்னொரு வாலை ஒட்டிக்கொண்ட கதைதான். வெறும் பெயரும் தொகையும்தான் உரக்கப் படிக்க நல்லது.

இந்தத் தொகைக்கு மேடையில் இன்னொரு பயனும் கிடைத்தது. முதல் தடவை கைதட்டல் மெலிந்துபோன வேதனை எனக்கு மறக்கவில்லை. ‘கைதட்டலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது பலிப்பதில்லை. சொந்தக்காரர் பெயர் வந்தால் தட்டாமல் இருக்க யாராலும் முடியாது, அப்போது தட்டல் வாங்காதவர் பெயர் இன்னும் தனியாகத் தெரியும். எண்ணைச் சொல்லி மூடினால் எங்கே தட்டவேண்டும் என்று கூட்டத்துக்கே புரிந்துவிடுகிறது. ‘ஐவரும்’ என்றதும் ஐவருக்குமாகச் சேர்த்து ஒரு தட்டல். ஒன்பது முறை நல்ல தட்டல் விழுந்தது, நாற்பது முறை மெலிந்த தட்டல் அல்ல. அந்த ஒன்பதும் அடங்கும்வரை வாய் திறக்காமல் நிற்பது மட்டும் என் வேலை. தட்டலின் மேல் பேசினால் அடுத்த பெயர் அடிபட்டுப் போகும்.

குழுக்களுக்கு இடையே போகும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் உரையில் எட்டு ‘அடுத்ததாக’ இருந்தன. ‘அடுத்ததாக’ என்று சொன்னவுடன் ‘இன்னும் எத்தனை’ என்று கேட்பவர் எண்ணத் தொடங்கிவிடுகிறார். இரண்டாம் முறை பட்டியலை ஒரு நடையாக மாற்றினேன். விருந்தினரும் நன்கொடையாளரும் முடிந்ததும் அரங்கத்தின் வாசலில் தொடங்கி, மாடத்தில் விளக்கும் ஒலியும் இருக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து மேடைக்கு வந்து பொருள்களைப் பார்த்து, ஆட்களின் உடையைப் பார்த்து, ஆட்களைப் பார்த்து, பிறகு திரைக்குப் பின்னால். ‘அந்த மாடத்தைத் திரும்பிப் பாருங்கள்’ என்றேன். அத்தனை தலைகளும் திரும்பின. உட்கார்ந்தே இருப்பவர்கள் ஒரு தடவை திரும்பினால் போதும், பாதித் தூக்கம் கலைந்துவிடும்.

நடிகர்கள் பதினொருவர் விஷயம் எளிது. அவர்கள் மேடையிலேயே நிற்கிறார்கள். நாடகத்தில் நுழைந்த வரிசையில் பெயர் சொன்னேன், ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். கண்ணுக்கு வேலை இருக்கும்போது காதுக்கு அலுப்பு வருவதில்லை. முக்கியப் பாத்திரம் முதலில் என்ற சண்டையும் இல்லை.

எல்லாப் பெயரையும் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று குழுவில் ஒரு விவாதம் வந்தது. ஆஸ்கர் விழாவில் வெற்றி பெற்றவர் பேச 45 விநாடிதான் தருகிறார்கள். அதையும் பெயர்ப் பட்டியலே விழுங்கிவிடுகிறது என்று 2016இல் அவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: நன்றி சொல்ல விரும்பும் பெயர்களை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால், பேசும்போது தொலைக்காட்சித் திரையின் அடியில் அவை ஓடும். பெயர்களைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் காதுக்கு வேறு ஏதாவது சொல்லுங்கள் என்பது எண்ணம். நியாயமானதுதான். ஆனாலும் வெற்றியாளர்கள் பெயர் சொல்வதை நிறுத்திவிடவில்லை. எங்கள் குழுவிலும் அச்சிட்ட தாளில் எல்லாப் பெயரும் இருக்கும். இருந்தும் தன் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்பது வேறு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆகவே பெயர்களை வெட்டாமல் பொறுப்புகளை வெட்டினேன். யார் என்ன பதவி, எந்தப் பிரிவு என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். வாயில் பெயர் மட்டும்.

பெயர் மட்டும் என்றால் அது சரியாக இருக்க வேண்டும். முதல் தடவை தலைப்பெழுத்துகளை அப்படியே படித்தேன். ஒரே பெயரில் இருவர் இருந்தால்தான் தலைப்பெழுத்துக்கு வேலை. மற்ற இடங்களில் அது பெயருக்கு முன்னால் இரண்டு முட்டுக்கட்டை. இம்முறை ஒவ்வொருவரையும் கேட்டேன்: மேடையில் உங்களை எப்படிச் சொல்லட்டும்? பாதிப் பேர் பட்டியலில் இருந்ததைவிடச் சின்ன பெயரைச் சொன்னார்கள். ஒருவர் பெயரை இரண்டு வருடமாக நாங்கள் தப்பாக உச்சரித்துவந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. அட்டையில் எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலைப்படாமல், அவர் சொன்ன ஒலி எப்படியோ அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஓர் அட்டைக்கு ஒரு குழு என்பது அழகுக்காக அல்ல. முதல் தடவை தாளில் எழுதியிருந்தேன், ஒரு குழு நடுவில் வெட்டுப்பட்டு அடுத்த பக்கம் போயிருந்தது. தாளைத் திருப்பும் நேரத்தில் ஏறி நின்ற குரல் அந்தரத்தில் தொங்கியது. அட்டையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கண் கீழே இறங்க இறங்கக் குரலும் ஒவ்வொரு வரியிலும் புதிதாக ஆரம்பித்து ஒரே மாதிரி முடியும். ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய பெயர்கள் ஒரே வரியில் இருக்க வேண்டும். வரி முடிந்தால் மூச்சு.

ஒத்திகைக்கு அந்த அடுத்த அறை வழியையே பயன்படுத்தினேன். பதிவு செய்து, கதவைச் சாத்தி, சொல் புரியாமல் மெட்டை மட்டும் கேட்பது. தொடர்ந்து மூன்று முறை ஒரே மெட்டு வந்தால் அந்த இடத்துக்குப் போய் நடு வாக்கியத்தை உடைப்பேன்: எழுவாய் முன்னால் இருந்தால் பின்னால் தள்ளுவேன், பின்னால் இருந்தால் முன்னால். நாலாவது பதிவில் சரியாக வந்தது. உரை நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

இப்போது அந்த 41ஆவது ஆள். எங்கள் குழுவில் திரை மறைவில் உட்கார்ந்து, வசனம் மறந்தவருக்கு முதல் சொல்லை எடுத்துக்கொடுக்கும் அக்கா ஒருவர் உண்டு. முதல் தடவை நான் விட்டுவிட்டது அவர் பெயரைத்தான். மேடைக்கு வராதவர், எந்தப் பிரிவிலும் சேராதவர். பிரிவு பிரிவாகப் பெயர் கேட்டு வாங்கியதில் அவர் யார் பட்டியலிலும் வரவில்லை. ‘பெயர் விடுபட்ட அனைவருக்கும்’ என்று கடைசியில் ஒரு வாக்கியம் சொன்னேன், அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததாக நான் நம்பவில்லை. இந்த முறை பட்டியல் தயாரானதும் ஒத்திகை அறையின் வாசலில் நின்று, கதவு வழியாக உள்ளே போன ஒவ்வொருவரையும் பெயரோடு ஒப்பிட்டேன். அவர் ஒன்பதாவது அட்டை, தனியாக, கடைசியில். எழுதியவரும் இயக்கியவரும் அவருக்கு முன்னால்.

முதல் நாள் மாலை அவர் என்னிடம் வந்து, “நீ படிக்கப் போறதுல ஒரு பிரதி குடு” என்றார். எதற்கு என்றேன். “சும்மாதான்” என்றார். கடைசி அட்டையை மட்டும் எடுத்துவிட்டு மற்ற எட்டையும் படி எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மேடையில் எல்லாம் சரியாகத்தான் போனது. மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், தவளைக்குச் சிரித்தார்கள், தட்டல் அடங்கக் காத்திருந்தேன். விரலில் வியர்வை. ஒரு அட்டையைத் தள்ளியபோது இரண்டு சேர்ந்து போய்விட்டன, எனக்குத் தெரியவில்லை. “மழைக் காட்சியில்” என்று உடைக் குழுவைத் தொடங்கினேன். இடதுபக்கத் திரைக்குப் பின்னாலிருந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் ஒரே சொல் வந்தது.

“கட்டில்.”